பேஸ்மென்ட் நிரப்பும் முன் கரையான் மருந்து: எத்தனை லிட்டர், எத்தனை வருஷம் தாங்கும்?

நிலைவாசல்

வணக்கம். வீட்டு வேலை பிளின்த் பீம் வரை வந்துவிட்டது. தூண் எழுப்பிக் கட்டும் வீடு, அளவு 40க்கு 30 அடி. அடுத்த வாரம் பீமுக்கு உள்ளே மூன்றடி உயரத்துக்கு மண் கொட்டப் போகிறார்கள். ஃபுட்டிங் குழி தோண்டியபோது மருந்து எதுவும் அடிக்கவில்லை. "மண்ணைக் கொட்டித் தண்ணி விட்டு இறுக்கிட்டு, மேல ஒரு தடவை அடிச்சா போதும், 10 வருஷம் கேரண்டி" என்கிறார் ஒப்பந்தக்காரர். குளோர்பைரிபாஸ் 20 இசி, 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகம். குழியில் அடிக்காமல் விட்டதை இப்போது சரிக்கட்ட முடியுமா? அந்த 10 வருஷம் என்பது மருந்தின் ஆயுளா, அவர் வாய்வார்த்தையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பங்குச்சி

குழியில அடிக்காம விட்டா அடித்தளம் போனது போனதுதான் சார். கரையான் கீழே இருந்துதானே வருது. இனி ஒரே வழி, மேலே அடிக்கிறதை டபுள் ஸ்ட்ராங்கா அடிக்கிறது. ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணினு டப்பாவுல போட்டிருப்பான். நீங்க 9 லிட்டர் மட்டும் விடுங்க. வீரியம் இரண்டு மடங்கு, ஆயுசும் இரண்டு மடங்கு. அந்த 5 லிட்டர் கேனே தாராளம்.

ரசமட்டம்

நிலைவாசல், மண் இன்னும் உள்ளே விழவில்லை என்பதால் நிலைமை கைமீறவில்லை. உங்களுக்கு முக்கியமான கட்டமே இனிமேல்தான் வருகிறது.

முதலில் குழி விஷயம். செங்கல் அல்லது கருங்கல் அஸ்திவாரமாக இருந்தால் குழியின் அடியிலும் பக்கங்களிலும் மருந்து விட்டே ஆக வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் கலவை வழியாகவே கரையான் ஏறிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் ஃபுட்டிங்கும் தூணும் அப்படியில்லை. நன்றாக இறுகிய கான்கிரீட்டை அதனால் துளைக்க முடியாது. தூணின் வெளி முகத்தை ஒட்டி, மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் மேலே வரும். அதனால்தான் இந்தியத் தர ஆவணமான ஐஎஸ் 6313, இரண்டாம் பகுதி, தூண் வைத்த கட்டடத்துக்குத் தரைமட்டத்திலிருந்து அரை மீட்டர் கீழே தொடங்கி மருந்து விட்டால் போதும் என்கிறது. அந்த அரை மீட்டர் இன்னும் உங்கள் கைக்கு எட்டுகிறது. ஒவ்வொரு தூணையும் சுற்றி, பிளின்த் பீமின் இரண்டு பக்கமும், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, மருந்து விட்டு விட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஆள்கூலி ஆகும், ஆனால் செய்யக்கூடிய வேலைதான்.

வேப்பங்குச்சி, கரையான் கீழிருந்து வருகிறது என்பது சரி. இரண்டு மடங்கு வீரியம் என்பது சரியில்லை. இந்த வேலையில் தண்ணீருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. மருந்தை மண்ணுக்குள் கொண்டுபோய் எல்லாப் பக்கமும் இடைவெளியில்லாமல் பரப்புவது அதுதான். தண்ணீரைப் பாதியாக்கினால் மேல்தோல் மட்டும் நனையும், அங்கங்கே காய்ந்த திட்டுகள் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அளவு வழி இருந்தால் வேலைக்காரக் கரையான் நுழைந்துவிடும். மருந்து பட்ட இடத்தில் எத்தனை வீரியம் இருந்தாலும், படாத இடத்துக்கு அதனால் என்ன பயன்?

இப்போது அந்தக் கேன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 இசி ஒரு லிட்டரோடு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் 20 லிட்டர் கிடைக்கும். உங்கள் 5 லிட்டர் கேனில் 100 லிட்டர். இறுக்கிய மண்ணின் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வேண்டும். ஆக அந்தக் கேன் 20 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 215 சதுர அடிக்குத்தான் காணும். உங்கள் வீடு 1200 சதுர அடி. மேற்பரப்புக்கு மட்டுமே 560 லிட்டர் கரைசல், 28 லிட்டர் மருந்து. ஒற்றைக் கேனோடு வருபவர், ஒன்று ஒரு பெரிய அறைக்கு மட்டும் ஒழுங்காக அடிப்பார், இல்லையென்றால் வீடு முழுக்கத் தெளித்துவிட்டுப் போவார்.

தூக்குகுண்டு

ரசமட்டம் சார் சொன்னது மேல்பரப்பு. பக்கவாட்டுக்கு நான் சொல்றேன், நான் செய்ற வேலைங்கிறதால.

மூணடி மண்ணை ஒரே மூச்சா லாரியில இருந்து தள்ளக் கூடாது. ஒரு அடி போடணும், திமிசு கட்டையால இறுக்கணும். அப்புறம் பீமையும் சுவத்தையும் ஒட்டினாப்ல அரை அடிக்கு ஒரு இடத்துல கடப்பாரையைக் குத்தி, பூவாளியால மருந்தை அந்தக் கான்கிரீட்டு மேலேயே பட்டு வழியுற மாதிரி விடணும். நடு மண்ணுல ஊத்தாதீங்க, கரையான் ஏறுறது ஓரத்துல. அடுத்த அடி மண்ணு, அடுத்த தடவை மருந்து. மூணடிக்கு மூணு தடவை.

தண்ணி விட்டு இறுக்குறதுல ஒரு சங்கதி இருக்கு. தண்ணி முதல்ல, மருந்து அப்புறம். நிறைய இடத்துல மருந்தை அடிச்சிட்டு மறுநாள் ஹோஸைப் போட்டு மண்ணைக் குளமாக்குவாங்க. மருந்து கீழ போயிரும், ஓரத்துல ஒண்ணும் நிக்காது. தண்ணி விட்டு, மண்ணு உக்காந்து, ஈரம் இழுத்த பிறகு குத்தி ஊத்துங்க. சொதசொதன்னு இருக்கிற மண்ணு மருந்தை உள்ள வாங்காது.

நிலைவாசல்

அண்ணே, ஓரத்துக்கு எவ்வளவு விட வேண்டும்? அதற்கும் அளவு இருக்கிறதா?

தூக்குகுண்டு

நான் கண்ணளவுல, ஒவ்வொரு துளையும் நிரம்பி மேல நிக்கிற வரைக்கும் விடுவேன் தம்பி. கணக்கு சார் சொல்வாரு.

ரசமட்டம்

செங்குத்து முகத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏழரை லிட்டர். ஒரு அடுக்கு 30 செ.மீ. என்றால் சுவர் ஓரமாக ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டேகால் லிட்டர் வரும். உங்கள் வெளிச் சுற்று 140 அடி, சுமார் 43 மீட்டர். ஒரு அடுக்குக்கு ஏறத்தாழ 96 லிட்டர், மூன்று அடுக்குக்கு 290 லிட்டர். உள்ளே குறுக்கே போகும் பீம்களுக்கு இரண்டு முகமும் தனிக்கணக்கு. மேற்பரப்பையும் கூட்டினால் ஆயிரம் லிட்டரை எளிதில் தாண்டும். ஒரு பீப்பாயில் அளந்து கலக்கச் சொல்லி, எத்தனை பீப்பாய் காலியானது என்று பக்கத்திலிருந்து எண்ணுங்கள். இந்த வேலையைச் சோதிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காலி டப்பாவை மட்டும் எண்ணி ஏமாற வேண்டாம். இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்சி என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லிதான். உங்கள் மேற்பரப்புக்கு 1.2 லிட்டர் மருந்து போதும். சின்ன பாட்டிலைப் பார்த்ததும் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகக் கூடாது. மருந்து மாறினாலும் கரைசல் லிட்டர் மாறாது, அதைத்தான் எண்ண வேண்டும்.

கதவுநிலை

இவ்வளவு கணக்கெல்லாம் எதுக்கு? எங்க வீட்டுல முறையா எல்லாக் கட்டத்துலயும் அடிச்சோம், நான் நின்னு பார்த்தேன். குடி வந்து கொஞ்ச வருஷத்துலயே மாடி அறைக் கதவு நிலையில அரிப்பு. கீழே ஒரு இடத்துலயும் இல்லை, மாடியில மட்டும். அடிச்ச மருந்து மாடி வரைக்கும் காப்பாத்தலைன்னா அது என்ன பாதுகாப்பு? என்னைக் கேட்டா அந்தக் காசுக்கு நல்ல மரம் வாங்குங்க.

சிற்றெறும்பு

கதவுநிலை, உங்கள் வேதனை புரிகிறது. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்களேன். நிலையைச் சுற்றி மண் பூசிய குழாய் போன்ற கோடு ஏதாவது சுவரில் ஓடுகிறதா? இல்லை, நிலைக்கு அடியில் ரவை போலப் பொடி கொட்டிக் கிடக்கிறதா?

கதவுநிலை

மண் கோடு இல்லை. பொடிதான். பெருக்கப் பெருக்க விழுது. கையில எடுத்தா மாவு மாதிரி இல்லை, கரகரன்னு தனித்தனியா இருக்கு.

சிற்றெறும்பு

அந்த மணிகளை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஆறு பட்டை தெரிந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். நிலைவாசல் கேட்பது மண்ணில் வாழும் கரையானைப் பற்றி. அது ஈரத்துக்காக மண்ணோடு தொடர்பு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்காகத்தான் மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறது. உலர்மரக் கரையானுக்கு மண்ணே தேவையில்லை. மரத்தோடு வந்திருக்கும், அல்லது இறக்கை முளைத்த சோடி பறந்து வந்து மரத்தின் வெடிப்பில் புகுந்திருக்கும். அஸ்திவாரத்தில் என்ன அடித்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. உங்கள் மண் தடுப்பு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம், கீழே எங்கும் இல்லை என்பது அதற்கு ஒத்துத்தான் போகிறது. மாடிக்கு மரத்துக்கான மருத்துவம் தனியாகப் பாருங்கள். நிலையில் துளையிட்டுச் செலுத்துவார்கள், ரொம்பவும் போயிருந்தால் அந்தப் பகுதியை மாற்றிவிடலாம்.

கதவுநிலை

பார்த்தேன். பட்டை பட்டையாத்தான் இருக்கு. இருந்தாலும் மருந்து அடிச்சவர் இப்படி ரெண்டு வகை இருக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேப்பங்குச்சி

சரி, லிட்டர் கணக்கை விடுங்க. ஆயுசுக்கு வாங்க. எங்க தாத்தா கட்டின வீட்டுல ஆல்ட்ரின் அடிச்சது. 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு கரையான் எட்டிப் பார்க்கலை. இப்போ வர்ற மருந்தெல்லாம் 10 வருஷமே தாங்காதுங்கிறாங்க. தரம் குறைஞ்சு போச்சுங்கிறதுதான் என் முடிவு.

சிற்றெறும்பு

ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாம் மண்ணில் பல பத்தாண்டுகள் சிதையாமல் கிடந்தன என்பது உண்மை. அந்தச் சிதையாத தன்மைதான் அவற்றுக்கே வினையானது. மண்ணில் நிற்பது நீரிலும் மீனிலும் உடல் கொழுப்பிலும் நின்றது. 2001ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலேயே இந்த மூன்றும் இருக்கின்றன. குளோர்பைரிபாஸும் 2025ல் சில விலக்குகளோடு அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதனால் நிலைவாசல், உங்கள் ஊர் விதி இப்போது எதை அனுமதிக்கிறது என்று டப்பாவின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்றைய மருந்துகள் சிதைய வேண்டும் என்று எண்ணித்தான் செய்யப்படுகின்றன, ஆயுள் குறைவது அதனால்தான்.

ஆயுளை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் எத்தனை வருஷம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் பக்கம், கரையான் நிறைந்த காட்டு நிலத்தில் அந்நாட்டு வனத்துறை பல பத்தாண்டுகளாக இந்தச் சோதனையை நடத்தி வந்திருக்கிறது. ஒரு சிறு சதுர மண்ணில் மருந்து விட்டு, அதன் மேல் கான்கிரீட் பலகை ஒன்றை வார்ப்பார்கள். நடுவில் ஒரு குழாய் நிற்கும். அதன் வழியே மருந்து பட்ட மண்ணின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து மூடிவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பார்கள். பக்கத்திலேயே வேறு சில சதுரங்களில் கான்கிரீட் இல்லாமல் திறந்த மண்ணில் மரத்தை வைப்பார்கள். அதே மருந்து, அதே அளவு. ஆனால் திறந்த மண்ணில் பொதுவாக முன்னதாகவே தோற்றுவிடும். வெயிலும் மழையும் படாத இடத்தில் மருந்து கூடுதல் காலம் நிற்கிறது. இடத்துக்கு இடமும் வித்தியாசம் வரும். அந்நாட்டில் இந்த மருந்துகளை மதிப்பிட வைத்த வரம்பு, குறைந்தது 5 ஆண்டு கரையானை உள்ளே விடாமல் தாங்க வேண்டும் என்பது.

ஆகவே 10 வருஷம் என்பது நடக்காத ஒன்றல்ல. ஆனால் எந்த மருந்தும் எல்லா மண்ணுக்கும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை.

நிலைவாசல்

அப்படியென்றால் ஒரே வீட்டிலேயே ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் நிற்குமா?

ரசமட்டம்

நிற்கும். அதைப் புரிந்துகொண்டால் எங்கே கண் வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். தளத்துக்கு அடியில் மூடிக் கிடக்கும் மண்ணில் மருந்து நீண்ட நாள் இருக்கும். வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டிய மண்ணில் முதலில் தேயும். வெயில் படுகிறது, கூரைத் தண்ணீர் விழுகிறது, செடி வைக்கிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், உரம் போட்டு நுண்ணுயிரைப் பெருக்குகிறோம், இரண்டு வருஷத்தில் மண்வெட்டியால் கொத்தியும் விடுகிறோம். சுண்ணாம்பு அதிகமுள்ள காரமான மண்ணில் குளோர்பைரிபாஸ் விரைவில் சிதையும். இமிடாகுளோப்ரிட் தண்ணீரில் ஓரளவு கரையும், எனவே தொடர்ந்து நீர் ஓடும் மணற்பாங்கான இடத்தில் கீழே இறங்கிவிடலாம். பைஃபென்த்ரின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். மண் துகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். ஆனால் களிமண்ணாக இருந்தால் மேலேயே தங்கிவிடும், ஆழத்துக்கு இறக்க கடப்பாரைத் துளை இல்லாமல் முடியாது.

ஆனால் நான் தளங்களில் பார்த்த வரையில், மருந்து வயதாகித் தோற்ற வீடுகளைவிட அறுபட்டுத் தோற்ற வீடுகள்தான் அதிகம். ஒரு வீட்டில் குடி வந்த மறு வருஷமே கழிவறைப் பக்கத்து அலமாரியில் கரையான் ஏறியது. தரையைப் பெயர்த்துப் பார்த்தோம். கழிவுக் குழாயின் மேல்முகத்தில் விரல் அகலத்துக்கு மண் குழாய் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. குழாயைச் சுற்றியிருந்த மண் மட்டும் நிறம் வேறாக, கையால் எடுத்தால் உதிரும் பதத்தில் இருந்தது. அரை அடி தள்ளினால் திமிசு போட்ட கெட்டி மண். என்ன நடந்தது என்பது அந்த இரண்டு மண்ணிலேயே தெரிந்தது. மருந்து அடித்து முடித்தபின் குழாய் வேலைக்காரர் வந்து வாய்க்கால் தோண்டிக் குழாயைப் பதித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார். அந்த வாய்க்கால் அகலத்துக்கு வீட்டில் மருந்தே இல்லை.

அதனால் வரிசை முக்கியம். கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்சார எர்த் கம்பி, எது தளத்துக்கு அடியில் போனாலும் மேற்பரப்பு மருந்துக்கு முன் போய்விட வேண்டும். குழாய் மேலே வரும் இடத்தில் சுற்றிலும் அரை அடிக்கு மண்ணைத் தளர்த்தி மருந்து விட வேண்டும். பிறகு மேற்பரப்பு, பிறகு கான்கிரீட். அதற்கப்புறம் யாராவது எங்காவது தோண்டினால் அந்த இடத்துக்கு மறுபடி மருந்து விடாமல் மூடக் கூடாது. பலகை அடித்த மரத்துண்டு, முளைக்குச்சி, வேர் எதுவும் உள்ளே கிடக்கும் மண்ணை நிரப்பவும் கூடாது.

தூக்குகுண்டு

இன்னொண்ணு சார், மண்ணுக்கு மேல எம்சாண்ட் விரிச்சு அதுமேல மருந்து அடிக்கிறாங்க. மணல்ல ஊத்துனது நிக்குமா? சல்லுன்னு கீழ இறங்கிடும். இறுக்குன மண்ணு மேல அடிச்சிட்டு அப்புறம் மணலோ ஜல்லியோ போடச் சொல்லுங்க. அடிக்கிறதுக்கு முன்னால கடப்பாரையால அரை அடிக்கு ஒண்ணா, ஒரு சாண்ல மூணுல ஒரு பங்கு ஆழத்துக்குக் குத்தி வைக்கணும். இல்லைன்னா இறுகின மண்ணு மேல மருந்து ஓடி ஒரு மூலையில தேங்கிரும், மேடான பக்கம் காய்ஞ்சு கிடக்கும்.

அடிச்ச அன்னைக்கே இல்லைன்னா மறுநாளே கான்கிரீட் போட்டு மூடிடுங்க. முடியலைன்னா பாலித்தீன் ஷீட்டாவது விரிங்க.

மண்புழு

எங்கள் வீட்டு மனையில் கிணறு இருக்கிறது, அஸ்திவாரத்துக்கு மிகப் பக்கத்தில். குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். இந்த இழையில் ஆயிரம் லிட்டர் என்று படித்ததும் பயமாகிவிட்டது. நாங்கள் கட்டப் போவது அடுத்த வருஷம். மருந்து இல்லாமல் ஏதாவது வழி இருக்கிறதா? மண்ணில் உப்பைக் கலந்து நிரப்பச் சொல்கிறார் தெரிந்த ஒருவர்.

ரசமட்டம்

மேடம், உப்பு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் ஏறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கரையான் தின்னாத பீமை உப்பு தின்றுவிடும்.

கிணறு இருக்கும் பக்கத்தில் மண்ணில் நேராக ஊற்றக் கூடாது. அந்தப் பக்கத்து மண்ணை வெளியே எடுத்து, தார்ப்பாய் மேல் பரப்பி, அங்கே மருந்து கலந்து, ஈரம் இழுத்த பிறகு குழியில் போடுவது ஒரு முறை. குழிக்குள் கரைசல் வழியாது. கிணறு ரொம்பவே நெருக்கம் என்றால் அந்தப் பக்கம் மருந்தே இல்லாமல், கரையான் புகமுடியாத நெருக்கமான துருப்பிடிக்காத எஃகு வலையைப் பிளின்த் மட்டத்தில் பதிக்கலாம்.

சிற்றெறும்பு

சுமார் 2 மி.மீ. அளவுக்குச் சலித்த கருங்கல் துகள் அடுக்கும் உண்டு. கரையான் வாயால் கவ்வித் தூக்க முடியாத பருமன், நடுவில் புகுந்து போகவும் இடமில்லாத நெருக்கம். ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அளவு பிசகினால் பயனில்லை. ஜல்லித் தூசியைக் கொட்டிவிட்டு அதுதான் இது என்று நினைத்துவிடக் கூடாது.

வேப்பங்குச்சி

தளத்துக்கு அடியில துளை போட்ட குழாய் பதிச்சு வைக்கிறாங்களே, அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியில இருந்தே மருந்து செலுத்தலாமாம். ஆயுசுப் பிரச்சினையே தீர்ந்துருச்சே. நிலைவாசல் அதைப் போட்டுட்டா இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

ரசமட்டம்

யோசனை நல்லதுதான், தளத்தை உடைக்காமல் மருந்தைப் புதுப்பிக்கலாம். எனக்கு இரண்டு தயக்கம். அந்தத் துளைகள் மண்ணால் அடைபட்டனவா என்று மேலிருந்து தெரியாது. ஐந்து வருஷம் கழித்துச் செலுத்தும்போது மருந்து எல்லாப் பக்கமும் போனதா, முதல் சில துளைகளிலேயே இறங்கிவிட்டதா என்று பார்க்கவும் வழியில்லை. குழாய் இருக்கிறதே என்று இப்போதைய மருந்தில் குறை வைத்துவிடுவார்கள் என்பதும் என் பயம்.

சிற்றெறும்பு

இதில் நான் வேறு கருத்து. நீளமான ஒரே குழாயாக இல்லாமல் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாய் வைத்து, பதித்த அன்றே தண்ணீர் விட்டு அழுத்தம் சோதித்தால் பயன்படும். குறைந்தது வெளிச் சுவர் ஓரத்துக்காவது போடலாம். அங்கேதானே முதலில் தேய்கிறது.

ரசமட்டம்

வெளி ஓரத்துக்குக் குழாய் எதற்கு? அரை அடிக்கு ஒரு துளை, ஒரு அடி ஆழம் குத்தி, மீட்டருக்கு இரண்டேகால் லிட்டர் விட்டால் ஒரு நாளில் முடிகிற வேலை. சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டு மூடுவதாக இருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நிலைவாசல்

ஒப்பந்தக்காரரிடம் பேசிவிட்டேன். கணக்கை எழுதிக் காட்டியதும் முதலில் கோபப்பட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். தூணைச் சுற்றி வெட்டி மருந்து விடுவது, மண்ணை மூன்று அடுக்காகப் போடுவது, மேற்பரப்புக்கு முன் குழாய் வேலையை முடிப்பது, இந்த மூன்றுக்கும் சரி என்றார். மருந்துக்கான கூடுதல் செலவு என்னுடையது. கேரண்டிப் பத்திரத்தின் மாதிரியையும் வாங்கிப் படித்தேன். கரையான் வந்தால் வந்து மறுபடி அடித்துத் தருவோம் என்றுதான் இருக்கிறது. அரித்த மரத்துக்கோ சுவருக்கோ ஈடு இல்லை. நாங்கள் தரையை எங்காவது உடைத்தால் கேரண்டி செல்லாது என்றும் ஒரு வரி.

ஒரு கேள்வி பாக்கி. ஓர அடுக்கு மருந்து விட்ட இரவே மழை பெய்துவிட்டால் அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டுமா?

தூக்குகுண்டு

தூறலுக்கு வேண்டாம் தம்பி. மருந்து உள்ள இழுத்து, மேல் மண்ணு காய ஆரம்பிச்சிருந்தா ஒண்ணும் ஆகாது. விட்ட கையோட பெரிய மழை அடிச்சு, உள்ள தண்ணி தேங்கி, ஓரத்து மண்ணு கரைஞ்சு இறங்கியிருந்தா அந்த அடுக்கை மட்டும் மறுபடி செய்யணும். காலையில போய் ஓரத்தைப் பாருங்க. குத்தின துளையெல்லாம் மூடிப்போய் மண்ணு வழுவழுன்னு இருந்தா மழை அரிச்சிருக்குன்னு அர்த்தம். வானம் கறுத்திருந்தா அன்னைக்கு வேலையைத் தொடவே தொடாதீங்க. வேலை செய்றவங்க வெறுங்காலோட அதுல நிக்கக் கூடாதுன்னும் சொல்லிடுங்க, கையுறையும் பூட்ஸும் நீங்களே வாங்கி வைங்க.

ரசமட்டம்

அதோடு, அடித்து முடித்த மறு மணி நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில், குறிப்பாக மூலைகளில், மண்ணை விரல் ஆழத்துக்குக் கிளறிப் பாருங்கள். ஈரம் கீழே வரை தொடர்ந்து இறங்கியிருக்க வேண்டும். மேலே நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் துளை போதவில்லை, கான்கிரீட் போடுமுன் அந்த இடத்தில் மறுபடி குத்தி விடுங்கள். கிளறிய இடத்திலும் ஒரு குவளை விட்டு மூடுங்கள். குடி வந்தபின் வெளிச்சுவரை ஒட்டிப் பூந்தொட்டி மண்ணைக் கொட்டி உயர்த்தாதீர்கள், பிளின்த்தின் மேல்விளிம்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண் குழாய் ஏறினால் முதலில் தெரிவது அங்கேதான்.

கதவுநிலை

நிலைவாசல், மாடிக்கு மரம் வாங்கும்போது பழைய மரமா இருந்தா பொடி உதிருதான்னு தட்டிப் பார்த்து வாங்குங்க. என் நிலையைத் துளை போட்டு மருந்து செலுத்திப் பார்க்கலாம்னு இருக்கேன். முழுசா மாத்தணுமா, அது போதுமா, யாராவது செஞ்சவங்க இருந்தா தனி இழையில சொல்லுங்க.